நியூயோர்க்கில் கன்டாங்கோ, லண்டனில் ஏறிய லீஸ் ரேட்: இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி?

கேள்வி: "செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் என் மாமா 2025 ஜனவரியில் ஒரே பிடியாகச் சொன்னார்: லண்டனில் லீஸ் ரேட் ஏறிவிட்டது, பேக்வர்டேஷன் வந்துவிட்டது, உலகத்தில் தங்கமே இல்லை, பவுண் விலை எங்கேயோ போகப் போகிறது என்று. ஆனால் நான் பார்த்தபோது நியூயோர்க்கில் பின்தேதிக்கான ஃபியூச்சர்ஸ் விலை இன்றைய ஸ்பொட் விலையை விட நன்றாக மேலே இருந்தது. அது கன்டாங்கோதானே? அப்படியென்றால் தட்டுப்பாடு எங்கே? இரண்டில் எதை நம்புவது?"

நீங்கள் பார்த்ததும் சரி, மாமா கேள்விப்பட்டதும் சரி. அவர் அதிலிருந்து எடுத்த முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. நான் கொழும்பில் ஒரு வங்கியின் திறைசேரிப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவன். என் பிரதான வேலை டொலர்-ரூபாய் ஃபோர்வர்ட், அதாவது பின்னால் வரும் ஒரு தேதிக்கு இன்றே விலை பேசி வைப்பது. தங்கத்தின் ஃபோர்வர்ட் கணக்கும் அதே கணக்குத்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

லீஸ் ரேட் என்பது தங்கத்தைத் தங்கமாகவே கடன் வாங்கித் தங்கமாகவே திருப்பிக் கொடுப்பதற்கான வட்டி. நம் கடைக்காரர்கள் பத்தரிடம் கட்டித் தங்கம் கொடுத்து, அதே எடைக்கு, சேதாரக் கணக்கோடு நகையாகத் திரும்ப வாங்குவார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அப்படி. என்ன, இங்கே நாளுக்கு வட்டி ஓடும். கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் மத்திய வங்கிகள். பெட்டகத்தில் சும்மா கிடக்கும் தங்கம் அவர்களுக்கு ஒரு சதம்கூட ஈட்டித் தராது, அதனால் மிகக் குறைந்த வட்டிக்கும் கொடுப்பார்கள். வாங்குபவர்கள் தங்கத்தை உருக்கிச் சுத்திகரிக்கும் ஆலைகள், பெரிய நகை உற்பத்தியாளர்கள், லண்டனில் தங்க வியாபாரம் செய்யும் வங்கிகள். சாதாரண காலத்தில் இந்த வட்டி பூச்சியத்தை ஒட்டியே கிடக்கும்.

இப்போது ஃபோர்வர்ட் விலைக்கு வருவோம். ஒருவர் தங்கத்தைக் கடன் வாங்கி, இன்றைய ஸ்பொட் விலைக்கு விற்று, கிடைத்த டொலரை வட்டிக்குப் போடுகிறார். தவணை முடியும்போது தங்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே, அதற்காக இன்றே ஃபோர்வர்ட் விலையில் வாங்கியும் வைத்துவிடுகிறார். இந்தச் சுற்றில் யாருக்கும் இலவச லாபம் கிடைக்கக் கூடாது என்றால், ஃபோர்வர்ட் விலை ஸ்பொட்டை விட எவ்வளவு மேலே இருக்க வேண்டும்? டொலர் வட்டியிலிருந்து தங்க வட்டியைக் கழித்தால் வருகிற அளவுக்கு. அவ்வளவுதான் கணக்கு. டொலர் வட்டி பெரிதாக இருந்தால் ஃபோர்வர்ட் மேலே நிற்கும், அது கன்டாங்கோ. தங்க வட்டி டொலர் வட்டியைத் தாண்டினால் ஃபோர்வர்ட் கீழே போகும், அது பேக்வர்டேஷன்.

2025 ஜனவரி கடைசியை எண்களை உருட்டிச் சொல்கிறேன். ஸ்பொட் 2,750 டொலர் என்று வையுங்கள். டொலரின் ஓவர்நைட் வட்டி சுமார் 4.3 சதவீதம். லீஸ் ரேட் வழக்கமான 0.2 சதவீதத்தில் இருந்தால், ஒரு மாத ஃபோர்வர்ட் ஸ்பொட்டை விட ஏறக்குறைய 9.40 டொலர் மேலே நிற்க வேண்டும். மூன்று மாத ஃபோர்வர்ட் சுமார் 28 டொலர் மேலே. இந்தக் கன்டாங்கோ எதையும் அறிவிக்கவில்லை. அது வெறும் டொலர் வட்டி. மசகு எண்ணெயில் கன்டாங்கோ வந்தால் தாங்கிகள் நிரம்பி வழிகின்றன என்று அர்த்தம் எடுக்கலாம். தங்கத்தில் அப்படி எடுத்தால் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றும் ஒவ்வொரு முறையும் உலகத்தில் தங்கம் கூடிவிட்டது என்று சொல்ல வேண்டிவரும்.

அந்த வாரங்களில் லண்டனில் ஒரு மாத லீஸ் ரேட் 4.7 சதவீதம் வரை போனதாகச் செய்திகள் வந்தன. அதை அதே கணக்கில் போடுங்கள். 4.3-இல் 4.7 கழித்தால் மைனஸ் 0.4. ஒரு மாதத்துக்கு அது 2,750 டொலரில் சுமார் 90 சதம்தான். அதாவது ஃபோர்வர்ட் விலை ஸ்பொட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு டொலர் கீழே. மாமா சொன்ன பேக்வர்டேஷன் இதுதான். விலையில் பார்த்தால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் வழக்கத்திலிருந்து அது 10 டொலருக்கு மேல் நகர்ந்திருக்கிறது. தங்கம் கடன் கொடுப்பவருக்கு வருட அளவில் நாலரை சதவீதம் கூடுதலாகக் கிடைக்கிறது. உலோகத்தை உடனே கையில் வைத்திருப்பவருக்கு அந்த நேரத்தில் அவ்வளவு மதிப்பு.

சரி, அப்படியானால் நீங்கள் பார்த்த நியூயோர்க் கன்டாங்கோ எங்கிருந்து வந்தது? இங்கேதான் பலருக்கும் கால் இடறுகிறது. நியூயோர்க்கின் கொமெக்ஸ் சந்தையில் விற்கும் ஃபியூச்சர்ஸும் லண்டன் ஸ்பொட்டும் ஒரே பொருளின் இரண்டு தேதிகள் அல்ல. இடமும் வேறு, உருவமும் வேறு. லண்டனில் கைமாறுவது சுமார் 400 அவுன்ஸ் எடையுள்ள பெரிய கட்டி. கொமெக்ஸின் பிரதான ஒப்பந்தத்துக்கு ஒப்படைக்க வேண்டியது 100 அவுன்ஸ் கட்டி ஒன்று, அல்லது ஒரு கிலோ கட்டிகள் மூன்று. லண்டன் கட்டியை அப்படியே கொண்டுபோய் அங்கே கொடுக்க முடியாது. சுவிட்சர்லாந்துக்கு அனுப்பி, உருக்கி, கிலோ கட்டிகளாக வார்த்து, விமானத்தில் ஏற்ற வேண்டும். வழக்கமான நாட்களில் யாரும் இந்த வேலைக்குப் போவதில்லை. வங்கிகள் லண்டனில் தங்கம் வைத்துக்கொண்டு நியூயோர்க்கில் ஃபியூச்சர்ஸை விற்று, விலை வித்தியாசத்தைப் பின்னால் தீர்த்துக்கொள்ளும்.

2024 நவம்பருக்குப் பிறகு அந்த நிம்மதி போனது. புதிய அமெரிக்க அரசு எல்லா இறக்குமதிக்கும் தீர்வை போடும், தங்கமும் அதில் மாட்டும் என்ற பயம் வந்தது. தீர்வை வந்தால் நியூயோர்க்குக்குள் இருக்கிற தங்கத்துக்கும் வெளியே இருக்கிற தங்கத்துக்கும் இரண்டு விலை. ஆகவே தீர்வை வருவதற்கு முன்பே உள்ளே இருக்கிற உலோகத்துக்கு மவுசு. நியூயோர்க் ஃபியூச்சர்ஸ் லண்டனை விட 40 டொலருக்கு மேல் உயர்ந்தது. அதில் 28 டொலர்வரை வட்டியால் விளங்கும். மிச்சம் தீர்வைப் பயம். ஃபியூச்சர்ஸை விற்று வைத்திருந்த வங்கிகளுக்கு அது காகிதத்தில் பெரிய நட்டம். நட்டத்தோடு திரும்ப வாங்காமல் தப்ப வழி, லண்டன் தங்கத்தை உண்மையாகவே அங்கே கொண்டு போவது. கொமெக்ஸ் பெட்டகங்களில் நவம்பரில் ஏறக்குறைய 18 மில்லியன் அவுன்ஸ் இருந்தது, ஏப்ரல் தொடக்கத்தில் 45 மில்லியனுக்குப் போனது இப்படித்தான்.

இத்தனை தங்கம் லண்டனிலிருந்து கிளம்பியதால் லண்டனில் தங்கம் தீர்ந்துவிட்டதா? இல்லை. அப்போதும் லண்டன் பெட்டகங்களில் 8,000 டன்னுக்கு மேல் இருந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி மத்திய வங்கிகளுடையது, இன்னொரு பெரிய பகுதி, தங்கத்தை வாங்கி வைத்துக்கொண்டு அதன் பங்குகளை விற்கும் ஈடிஎஃப் நிதிகளுடையது. இன்றைக்கு விற்கவோ கடன் கொடுக்கவோ தயாராக இருக்கிற பங்கு மிகச் சிறியது. நெருக்கடி அந்தச் சிறிய பங்கில்தான் வருகிறது. போதாததற்கு, பாதிக்கு மேல் இங்கிலாந்து மத்திய வங்கியின் பெட்டகத்தில் இருக்கிறது. சுமார் 4 இலட்சம் கட்டிகள். ஒரு நாளில் இத்தனை கட்டிதான் வெளியே எடுக்கலாம் என்ற நடைமுறை வரம்பு அங்கே உண்டு. வழக்கமாகச் சில நாளில் கிடைப்பது, 2025 ஜனவரி கடைசியில் நாலு முதல் எட்டு வாரம் ஆனது.

எனக்கு அந்தக் காலத்தின் மிகச் சுவையான தடயம் லீஸ் ரேட்டைக்கூட விட இன்னொன்று. இங்கிலாந்து மத்திய வங்கியின் பெட்டகத்துக்குள் இருக்கிற தங்கம், லண்டனின் மற்றப் பெட்டகங்களில் இருக்கிற அதே தரத் தங்கத்தை விட அவுன்ஸுக்குச் சில டொலர் குறைந்த விலைக்குப் போனது. அந்த வங்கியின் துணை ஆளுநர் டேவ் ராம்ஸ்டன் பெப்ரவரி ஆரம்பத்தில் இதைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, தங்கம் கனமான பொருள், நகர்த்த நேரம் எடுக்கும், வரிசை இருக்கிறது என்கிற பாணியில் பதில் சொன்னார். யோசித்துப் பாருங்கள்: தங்கமே அரிதாகியிருந்தால் எந்தத் தங்கமாவது தள்ளுபடிக்கு விற்குமா? அரிதானது இன்றே கதவுக்கு வெளியே வரக்கூடிய தங்கம். வரிசையில் பின்னால் நிற்கிற தங்கத்துக்குத் தள்ளுபடி, கையில் இருக்கிற தங்கத்துக்குக் கூடுதல் விலை, இடைப்பட்ட வாரங்களைக் கடக்கக் கடன் வாங்குபவருக்கு 4.7 சதவீத வட்டி. மூன்றும் ஒரே சங்கதி.

இதில் இன்னொரு பொறியும் உண்டு, இணையத்தில் வரைபடம் போடுகிறவர்கள் அடிக்கடி விழுவது. இப்போது லீஸ் ரேட்டுக்கென்று அதிகாரபூர்வமாக வெளியிடப்படும் எண் கிடையாது. முன்பு லண்டன் தங்கச் சந்தைச் சங்கம் கோஃபோ என்ற ஃபோர்வர்ட் வட்டியை நாள்தோறும் வெளியிட்டது. லைபோர் என்ற, வங்கிகளுக்கிடையிலான டொலர் கடன் வட்டியிலிருந்து அதைக் கழித்தால் லீஸ் ரேட் வந்துவிடும். 2015 ஜனவரி 30-உடன் கோஃபோவை நிறுத்திவிட்டார்கள். லைபோரும் பின்னால் போய்விட்டது. இன்று நீங்கள் திரையில் பார்ப்பது பெரும்பாலும் யாரோ கணக்குப் போட்டு எடுத்த எண். எதிலிருந்து எடுத்தார் என்று கேட்க வேண்டும். நியூயோர்க் ஃபியூச்சர்ஸையும் லண்டன் ஸ்பொட்டையும் வைத்து எடுத்திருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். மூன்று மாத ஃபியூச்சர்ஸ் 45 டொலர் மேலே என்றால், வருடக் கணக்கில் அது சுமார் 6.5 சதவீதம். டொலர் வட்டி 4.3. கழித்தால் லீஸ் ரேட் மைனஸ் 2.2 சதவீதம் என்று வரும்! லண்டனில் ஆட்கள் பிளஸ் 4.7 கொடுத்துக் கடன் தேடிய அதே வாரத்தில், இந்தப் படம் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று சொல்லும். தீர்வைப் பயத்தை வட்டிக் கணக்குக்குள் போட்டுக் குழப்பியதால் வருகிற பிழை இது. இதோடு நேர வித்தியாசமும் சேரும். லண்டன் பிற்பகல் விலை அங்கே மூன்று மணிக்கு, அதாவது நியூயோர்க்கில் காலை பத்து மணிக்கு எடுக்கப்படுகிறது. கொமெக்ஸின் நாள்முடிவு விலை மதியம் ஒன்றரைக்கு. இடையில் மூன்றரை மணி நேரம். தங்கம் அதற்குள் 15 டொலர் ஆடினால் உங்கள் லீஸ் ரேட் கணக்கு அத்தோடு போச்சு.

ஆகவே லண்டனை லண்டனோடு ஒப்பிட வேண்டும், நியூயோர்க்கை நியூயோர்க்கோடு. நியூயோர்க்கின் அடுத்தடுத்த இரண்டு மாத ஃபியூச்சர்ஸுக்கு இடையில் உள்ள வித்தியாசம் டொலர் வட்டிக்குக் கிட்ட இருந்தால், அங்கே உலோகத்துக்கு அவசரம் இல்லை. லண்டனின் ஸ்பொட்டுக்கும் லண்டன் ஃபோர்வர்டுக்கும் இடையில் பார்ப்பதுதான் லண்டன் அவசரத்தின் அளவு. இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் போக்குவரத்து, கட்டியை உருக்கி வார்க்கும் செலவு, தீர்வை ஆகியவற்றின் கதை. 2020 மார்ச்சில் சுவிஸ் தங்கச் சுத்திகரிப்பு ஆலைகள் கொவிட்டால் மூடி, பயணிகள் விமானங்களும் நின்றபோது, நியூயோர்க் விலை லண்டனை விட ஒரு கட்டத்தில் 70 டொலர்வரை தாவியது. தங்கம் இருந்தது, கிலோ கட்டியாக நியூயோர்க்கில் இல்லை.

பேக்வர்டேஷன் வந்ததா இல்லையா என்று மட்டும் கேட்பதும் ஏமாற்றும். 2013 ஜூலை 8 அன்று கோஃபோ மைனஸுக்குப் போனது, அப்போது பெரிய ஆரவாரம். ஆனால் டொலர் வட்டி அன்றைக்குக் கிட்டத்தட்டப் பூச்சியம். ஒரு மாத லைபோரே 0.2 சதவீதத்தைத் தொடவில்லை. லீஸ் ரேட் 0.3-க்குப் போனாலே பேக்வர்டேஷன் வந்துவிடும். டொலர் வட்டி 4.3 இருக்கும் காலத்தில் அதே இடத்துக்கு வர லீஸ் ரேட் நாலரையைத் தொட வேண்டும். இரண்டு காலத்தையும் ஒரே பெயரில் அழைத்து ஒப்பிடுவது நியாயமில்லை. அதனால்தான் நான் லீஸ் ரேட்டையே பார்க்கச் சொல்வேன், ஃபோர்வர்ட் ஸ்பொட்டுக்கு மேலேயா கீழேயா என்பதை அல்ல. 2013-இல் நடந்தது உண்மையான இறுக்கம்தான். விலை ஜூனில் 1,200 டொலருக்கு விழுந்திருந்தது, ஆசியாவில் வாங்குபவர்கள் குவிந்தார்கள், லண்டனின் பெரிய கட்டிகள் சுவிட்சர்லாந்து வழியாகக் கிலோ கட்டிகளாகிக் கிழக்கே வந்தன. ஓகஸ்ட் கடைசியில் விலை 1,400-ஐத் தாண்டியது. ஆனால் டிசம்பரில் மறுபடி 1,200-க்கு அருகே வந்து நின்றது. சமிக்ஞை பொய்யில்லை, அதன் ஆயுள் சில வாரம்.

மாமா சொல்வது போல லீஸ் ரேட் ஏறி, விலையும் பாய்ந்த காலம் ஒன்று உண்டு: 1999. அந்த ஆண்டுகளில் சுரங்கக் கம்பனிகள் எதிர்கால உற்பத்தியை முன்கூட்டியே விற்கும், அவற்றுக்காக வங்கிகள் மத்திய வங்கிகளிடம் தங்கம் கடன் வாங்கிச் சந்தையில் விற்கும். 1999 செப்டெம்பர் 26 அன்று ஐரோப்பாவின் 15 மத்திய வங்கிகள் வாஷிங்டனில் ஓர் அறிவிப்பு விட்டன: ஐந்து ஆண்டுகளுக்கு வருடம் 400 டன்னுக்கு மேல் விற்க மாட்டோம், கடன் கொடுப்பதையும் கூட்ட மாட்டோம். ஒரு மாத லீஸ் ரேட் 9 சதவீதத்துக்கு மேல் எகிறியது. 270 டொலருக்குக் கிட்ட இருந்த தங்கம் சில நாட்களில் 320-ஐத் தாண்டியது. அளவுக்கு மீறி முன்விற்பனை செய்திருந்த கானாவின் அஷாந்தி கோல்ட்ஃபீல்ட்ஸ் வங்கிகள் கேட்ட மார்ஜின் பிணையைக் கட்ட முடியாமல் திணறியது. இதில் என்ன வேறுபாடு என்றால், கடன் கொடுப்பவரே இனிக் கூட்ட மாட்டேன் என்று சொன்னார். ஏற்கனவே கடன் வாங்கி விற்றவர்கள் திரும்ப வாங்கியே ஆக வேண்டிய நிலை. 2025-இல் கடன் கொடுப்பவர் பின்வாங்கவில்லை, கட்டி வந்து சேரத்தான் நாள் எடுத்தது.

இரண்டையும் பிரித்தறிய நான் பார்ப்பது தவணைகளை. ஒரு மாத லீஸ் ரேட் எகிறி, ஒரு வருட ரேட் பெரிதாக அசையாமல் இருந்தால், இன்னும் சில வாரத்தில் உலோகம் வந்துவிடும் என்று சந்தையே எதிர்பார்க்கிறது. அது லொறி, விமானம், வரிசை சம்பந்தப்பட்ட பிரச்சினை. ஒரு வருட ரேட்டும் சேர்ந்து ஏறி அங்கேயே நின்றால், கடன் கொடுப்பவர்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று யோசிக்கலாம். 2025 தொடக்கத்தின் இறுக்கம் குறுகிய தவணைகளில்தான் இருந்தது. ஏப்ரல் 2 அன்று வெள்ளை மாளிகை அறிவித்த தீர்வைகளிலிருந்து தங்கக் கட்டிகள் விலக்கப்பட்டதும், நியூயோர்க்கின் கூடுதல் விலையும் சரிந்தது.

இவ்வளவும் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை. விலை எங்கே போகும் என்பதற்கு மட்டும் லீஸ் ரேட்டைச் சாட்சிக்கு அழைக்க நான் தயாரில்லை. 2025-ஐயே பாருங்கள். லீஸ் ரேட் இறங்கிய பிறகு தங்கம் மார்ச்சில் 3,000 டொலரையும் ஏப்ரலில் 3,500-ஐயும் தொட்டது, ஒக்டோபரில் 4,000-ஐத் தாண்டியது. மத்திய வங்கிகள் வாங்கியது, டொலர் மீதான பயம், ஈடிஎஃப்களுக்கு வந்த பணம் என்று அதற்குப் பல காரணங்களைச் சொல்கிறார்கள். எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் விவரம் தெரிந்தவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. மாமாவின் ஊகம் பலித்தது, அவர் காட்டிய காரணத்தால் பலிக்கவில்லை என்பது என் கணிப்பு. கடையில் அவரோடு வாதாட வேண்டாம், ஜெயிக்க மாட்டீர்கள்.

கடைசியாகச் செட்டியார் தெரு. 22 கரட் பவுண் ஒன்றில், அதாவது எட்டுக் கிராமில், உலக விலைக்கு உட்பட்ட சுத்தத் தங்கம் ஏறக்குறைய 0.236 அவுன்ஸ். லண்டன் ஃபோர்வர்ட் வழக்கத்திலிருந்து 10 டொலர் நகர்ந்தது என்று மேலே கணக்குப் பார்த்தோமே, அது முழுவதும் இங்கே வந்து சேர்ந்தாலும் பவுணுக்கு 2.36 டொலர். அப்போதைய நாணய மாற்றில் சுமார் 700 ரூபாய். இங்கே பவுண் விலையைப் புரட்டிப் போடுவது வேறு. 2022 மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360-க்குப் போனது. அதே நேரத்தில் உலகச் சந்தையில் தங்கம் கொஞ்சம் இறங்கியே இருந்தது. அந்த மாதங்களில் கொழும்புக் கடைகளில் கட்டித் தங்கம் கிடைப்பது கடினமாக இருந்தது உண்மை, உலக விலையோடு ஒட்டாத கூடுதல் விலையும் கேட்டார்கள். ஆனால் இறுக்கம் டொலரில். லண்டனின் லீஸ் ரேட் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிராது. இங்கே தட்டுப்பாடு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், அன்றைய லண்டன் விலையை நாணய மாற்றால் பெருக்கி, 0.236-ஆல் பெருக்கி, இறக்குமதித் தீர்வை ஏதும் இருந்தால் அதையும் சேர்த்து, மாமாவின் கடைப் பலகை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசம் சில நாட்களாக விரிந்துகொண்டே போனால், லண்டன் செய்தியை விட்டுவிட்டு வங்கியில் டொலர் கிடைக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள்.